பதினாறும் பதினேழும்

கட்டளைக் கலித்துறை எழுதப் பழகுகிறவருக்கு முதல் நாளிலேயே ஒரு கணக்கைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து. நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து. ஒற்றெழுத்துக் கணக்கில் சேராது. அவரும் ஓர் அடியை எழுதிவிட்டு விரல் விட்டு எண்ணுகிறார். 16 வந்தால் மகிழ்கிறார், 15 வந்தால் எங்கேயோ ஓர் எழுத்தைச் செருகுகிறார். ஏன் 16, ஏன் அது 15ஆகவோ 18ஆகவோ இருக்கக்கூடாது என்று கேட்டால் ‘மரபு’ என்று பதில் வருகிறது. அந்தப் பதிலோடு நின்றுவிடுவது எனக்கு எப்போதும் குறையாகவே பட்டிருக்கிறது. ஏனென்றால் காரணம் இருக்கிறது, அது எளியது, அதைத் தெரிந்துகொண்டு எண்ணுகிறவர் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் கண்டுகொள்வார்.

இந்தப் பா வடிவத்தின் வயது பெரிது. காரைக்காலம்மையாரின் திருவிரட்டை மணிமாலையில் வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி 20 பாடல்கள் வருகின்றன. நம்மாழ்வாரின் திருவிருத்தம் நூறும், மாணிக்கவாசகரின் திருக்கோவையார் நானூறும், பின்னால் அபிராமி அந்தாதியும் கந்தரலங்காரமும் இந்த அளவில் அமைந்தவைதாம். யாப்பைச் சொல்லிக்கொடுக்கும் யாப்பருங்கலக் காரிகையையே அமிதசாகரர் இதே அளவில்தான் இயற்றினார். அந்தாதிக்கும் கோவைக்கும் புலவர்கள் இதையே தேடிப் போனார்கள். பல நூற்றாண்டுகளாக ஏட்டிலிருந்து ஏட்டுக்கும் வாயிலிருந்து வாய்க்கும் மாறிவந்த இந்தப் பாடல்களை இன்றும் அடியடியாக எண்ணிச் சரிபார்க்க முடிகிறது.

முதலில் வேண்டிய அளவுக்கு மட்டும் இலக்கணம். குறிலோ நெடிலோ தனியாகவோ ஒற்றடுத்தோ நின்றால் நேரசை. இரண்டு குறில், அல்லது குறிலும் நெடிலும் இணைந்து, தனியாகவோ ஒற்றடுத்தோ நின்றால் நிரையசை. ஆகவே ஒற்றை விட்டுவிட்டுப் பார்த்தால் நேர் என்பது ஓரெழுத்து, நிரை என்பது ஈரெழுத்து. நம் கணக்கு முழுவதற்கும் இந்த ஒரு செய்தி போதும்.

சீர்களை வாய்பாட்டால் சொல்வோம். நேரில் முடியும் ஈரசைச் சீர் மா: தேமா, புளிமா. நிரையில் முடியும் ஈரசைச் சீர் விளம்: கூவிளம், கருவிளம். நேரில் முடியும் மூவசைச் சீர் காய். அதிலும் நடு அசை நேரானால் மாங்காய், நடு அசை நிரையானால் விளங்காய். சீர்கள் ஒன்றோடொன்று கைகோக்கும் முறைதான் தளை. கட்டளைக் கலித்துறை அடிக்குள் வெண்டளை மட்டுமே வரலாம்: மாவுக்குப் பின் நிரை வரவேண்டும், விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின்னும் நேர். அடிக்கு ஐந்து சீர். ஐந்தாவது சீர் விளங்காயாகவே இருக்கவேண்டும். முதல் நான்கு இடங்களில் விளங்காய் வரக்கூடாது. பாடல் ஏகாரத்தில் முடியும்.

எடுத்துக்காட்டுக்காக நானே ஓர் அடி கட்டிக்கொள்கிறேன். கவிதைச் சிறப்பு எதுவும் இதில் இல்லை, எண்ணுவதற்கு மட்டும். பாடலின் நான்காம் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றில் புதுவெள்ளம் வந்து கரைதொட நின்றதுவே

ஆற்/றில் என்பது நேர் நேர், தேமா. மாவுக்குப் பின் நிரை வேண்டும்; புது/வெள்/ளம் நிரையில் தொடங்குகிறது, புளிமாங்காய். காய்க்குப் பின் நேர், வந்/து தேமா. மறுபடியும் மாவுக்குப் பின் நிரை, கரை/தொட கருவிளம். விளத்துக்குப் பின் நேர், நின்/றது/வே கூவிளங்காய். எழுத்துகளை எண்ணினால் 2, 4, 2, 4, 4. மொத்தம் 16.

இப்போது ‘ஆற்றில்’ என்பதை ‘நதியில்’ என்று மாற்றுங்கள். நதி/யில் நிரை நேர், புளிமா. மற்ற நான்கு சீரும் அப்படியே இருக்கின்றன. எழுத்து 17 ஆகிவிடுகிறது. தொடக்கத்தில் இருந்த ஓரெழுத்து நேருக்குப் பதில் ஈரெழுத்து நிரை வந்ததால் கூடிய ஒன்று அது. 16க்கும் 17க்கும் உள்ள வேற்றுமை இவ்வளவுதான். அந்த முதல் அசையைத் தாண்டிவிட்டால் இரண்டு அடியும் ஒன்றே.

சரி, மற்ற 16 ஏன் மாறாமல் நிற்கிறது? சீர்களின் எழுத்தளவு ஒன்றாக இல்லையே. தேமாவுக்கு இரண்டு, கருவிளத்துக்கு நான்கு. இவற்றை விருப்பம்போல் மாற்றி அடுக்கினாலும் மொத்தம் அசையாமல் இருப்பது முதல் பார்வைக்கு வியப்பாகவே இருக்கும். விடை தளையில் இருக்கிறது.

ஒரு சீரின் முதல் அசை நிரையாக இருந்தால், அதில் கூடுதலாக உள்ள ஓரெழுத்தை எடுத்து முந்தைய சீரின் கணக்கில் எழுதுங்கள். அப்படி எழுதலாமா என்றால், எழுதலாம். ஏனென்றால் அந்தக் கூடுதல் எழுத்து வந்ததே முந்தைய சீரின் பொறுப்பில். மா வந்தால் அடுத்தது நிரையாகத்தான் தொடங்கும். ஆகவே மாவின் சொந்த எழுத்து இரண்டு, அடுத்த சீரில் அது வரவழைக்கும் எழுத்து ஒன்று, மொத்தம் மூன்று. விளத்தில் முதல் அசைக்கு ஒன்று, இறுதி நிரைக்கு இரண்டு, ஆக மூன்று. அடுத்தது நேர் என்பதால் அது எதையும் வரவழைப்பதில்லை. மாங்காயில் அசைக்கு ஒன்றாக மூன்று. அதற்கும் பின்னால் நேர்தான். மாவானாலும் விளமானாலும் மாங்காயானாலும் கணக்கு மூன்றே. விளங்காய்க்கு மட்டும் நடுவில் நிரை இருப்பதால் நான்கு. முதல் நான்கு சீருக்கு மும்மூன்றாகப் பன்னிரண்டு, கடைசி விளங்காய்க்கு நான்கு, கூட்டினால் 16. அடியே நிரையில் தொடங்கினால் அந்த முதல் நிரையின் கூடுதல் எழுத்தை ஏற்றுக்கொள்ள முன்னால் சீர் எதுவும் இல்லை. அது தனியே நின்று 17 ஆக்குகிறது.

முதல் நான்கு இடத்தில் விளங்காய் ஏன் கூடாது என்பதும் இங்கே தெளிந்துவிடுகிறது. வெண்டளை அதைத் தடுப்பதில்லை. விளங்காய்க்குப் பின் நேர் வந்தால் தளை சரிதான். ஆனால் மூன்று இருக்கவேண்டிய இடத்தில் நான்கு வந்துவிடும். வெண்பாவும் முழுக்க வெண்டளையால் ஆனதுதான்; ஆனாலும் அதில் ஈற்றுச் சீர் தவிர விளங்காய் எங்கும் வரலாம் என்பதால் அடிக்கு இத்தனை எழுத்து என்ற அறுதி இல்லை. நான்கு அடிக்கும் எதுகை ஒன்றாக அமைவதால் கட்டளைக் கலித்துறையில் ஓரடி நேரில் தொடங்கினால் மற்றவையும் அப்படியே தொடங்கும். பாடல் முழுவதும் 64 எழுத்தாகவோ 68 எழுத்தாகவோ நிற்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்த்துக்கொள்ளவேண்டும். தொல்காப்பியச் செய்யுளியலிலும் எழுத்தெண்ணி அடி வகுப்பது உண்டு. அங்கே நெடிலடி என்பது 15 முதல் 17 எழுத்து வரை. நம் கணக்கும் அதற்குள் வருவதால் இரண்டும் ஒன்றே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தொல்காப்பியர் எண்ணுவது நாற்சீர் அடியை. அதோடு குற்றியலுகரத்தை அவர் ஒற்றைப் போலவே கணக்கிலிருந்து நீக்குகிறார். கட்டளைக் கலித்துறையில் ‘வந்து’ என்பதன் துகரம் ஓரெழுத்தாகவே எண்ணப்படும். பழைய முறையில் எண்ணிப் பழகியவர் இங்கே வந்து எண்ணினால் குற்றியலுகரம் உள்ள ஒவ்வோர் அடியும் குறைவதுபோல் தோன்றும்.

இனி, எண்ணும் முறை. மும்மூன்றாகக் கட்டுப்பட்டிருப்பதால் இந்தக் கணக்கு விரலுக்கு மிகவும் இசைவானது. கட்டைவிரலை நீக்கினால் நான்கு விரல். விரலுக்கு மூன்று கணு. ஒரு சீருக்கு ஒரு விரல் என்று கொண்டு கட்டைவிரலால் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போனால் பன்னிரண்டில் நான்கு சீரும் அடங்கும். பிறகு நான்கு விரல் நுனிகளும் கடைசி விளங்காய்க்கு. நிரையில் தொடங்கும் அடிக்கு முதல் எழுத்தைக் கட்டைவிரலிலேயே வைத்துக்கொண்டு இரண்டாம் எழுத்திலிருந்து தொடங்கலாம். நான் இப்படித்தான் எண்ணுகிறேன்.

மேலே சொன்ன அடியை இப்படி வைத்துப் பாருங்கள். ஆ, றி, பு முதல் விரல். து, வெ, ள இரண்டாம் விரல். வ, து, க மூன்றாவது. ரை, தொ, ட நான்காவது. மீதி நி, ற, து, வே நுனிகளில். ஒவ்வொரு விரலும் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். இரண்டாம் விரல் ‘புதுவெள்ளம்’ என்ற சீரின் முடிவிலேயே முடிகிறது. நான்காம் விரலும் சீரின் முடிவில். முதல் விரலோ அடுத்த சீரின் ‘புது’ என்ற நிரைக்கு நடுவில், பு என்ற எழுத்தில் நிற்கிறது. மூன்றாம் விரலும் அப்படியே, ‘கரை’யின் ககரத்தில். ஒரு விரல் முடியலாம் என்றால் இந்த இரண்டு இடத்தில்தான் முடியலாம்: சீரின் இறுதியில், அல்லது அடுத்த சீரைத் தொடங்கும் நிரையின் முதல் எழுத்தில். மூன்றாவது இடம் கிடையாது. மூன்றாவது இடத்தில் விரல் நின்றால் அங்கே பிழை இருக்கிறது.

மொத்தத்தை மட்டும் எண்ணுவதைவிட இது எவ்வளவு நுட்பமானது என்பது அடியைக் கெடுத்துப் பார்த்தால் தெரியும். ‘புதுவெள்ளம்’ என்பதை ‘செவ்வெள்ளம்’ ஆக்குவோம். செவ்/வெள்/ளம் தேமாங்காய். தேமாவுக்குப் பின் நேர் வந்துவிட்டது. வெண்டளை போய் ஆசிரியத்தளை ஆயிற்று. எண்ணினால் 15. அதை விட்டுவிட்டு ‘வந்து’ என்பதை ‘வந்திட’ ஆக்குவோம்: வந்திடக் கரைதொட. வந்/திடக் கூவிளம், விளத்துக்குப் பின் ‘கரை’ என்று நிரை வருகிறது. தளை கெட்டது, எண்ணினால் 17. இந்த இரண்டையும் மொத்தக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு பிழையையும் ஒரே அடியில் செய்தால்?

ஆற்றில் செவ்வெள்ளம் வந்திடக் கரைதொட நின்றதுவே

2, 3, 3, 4, 4. மொத்தம் 16. ஒரு பிழை ஓரெழுத்தைக் குறைத்தது, இன்னொன்று ஓரெழுத்தைக் கூட்டியது. இரண்டு இடத்தில் தளை உடைந்திருக்கிறது. எண்ணிக்கை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறது. இப்படி ஓரடியை ஓர் இளைஞர் எனக்குத் தொலைபேசியில் படித்துக்காட்டினார். “ஐயா, மூணு தடவை எண்ணிட்டேன், 16 சரியா வருது. ஆனா வாய்விட்டுப் படிச்சா ரெண்டு இடத்துல இடறுதே?” என்றார். “காது சொல்றது சரிதான் தம்பி. மொத்தத்தை எண்ணாதீங்க, விரல் விரலா நிறுத்தி எண்ணுங்க” என்றேன். மேலே உள்ள அடியை அப்படி எண்ணினால் முதல் விரலிலேயே விடை கிடைத்துவிடும். ஆ, றி, செ. செகரத்தில் விரல் முடிகிறது. அது நிரையின் பாதியாக இருக்கவேண்டும். இருப்பதோ ‘செவ்’ என்று மூடிக்கொண்ட நேர். பிழை ஆற்றிலுக்கும் வெள்ளத்துக்கும் இடையில் என்று அந்த இடமே தெரிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. தளை பார்த்தால் குற்றமே இருக்காது, எண்ணினால்தான் தெரியும். ‘புதுவெள்ளம்’ இருந்த இடத்தில் ‘மழைப்பெருக்கம்’ என்று வைப்போம். மழைப்/பெருக்/கம் கருவிளங்காய். முன்னால் தேமா, இது நிரையில் தொடங்குகிறது, சரி. பின்னால் ‘வந்து’ நேரில் தொடங்குகிறது, அதுவும் சரி. வாய்விட்டுப் படித்தாலும் இடறாது. வெண்பாவின் காதுக்கு இது பழகிய நடைதான். எழுத்து மட்டும் 17. இரண்டாம் விரல் ழை, பெ, ரு என்று சீருக்குள்ளேயே முடிந்து, கடைசிக் ககரம் வெளியே நிற்கிறது. வெண்பா எழுதித் தேர்ந்தவர்கள் கட்டளைக் கலித்துறைக்கு வரும்போது அதிகமாகச் செய்யும் பிழை இதுதான். அவர்கள் செவி தளையை விடாமல் காக்கும். விளங்காய் உள்ளே நுழைவதை அது தடுக்காது. இங்கே ‘பெரும்புனல்’ என்று கருவிளமாக்கினால் போதும், அடி 16க்குத் திரும்பிவிடும்.

இதுவரை புதிதாக எழுதுகிறவரின் கணக்கு. பழைய பாடலைப் படிக்கிறவருக்கு இதே கணக்கு வேறு விதத்தில் பயன்படுகிறது. எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம்.

ஒற்றை ஏன் எண்ணுவதில்லை என்பதை முதலில் யோசிக்கவேண்டும். தமிழில் இரண்டு சொல் சேரும்போது மாறிக்கொண்டே இருப்பவை பெரும்பாலும் ஒற்றுகள். ‘ஆற்றில் புது’ என்று இன்று எழுதுவதைப் பழைய முறையில் ‘ஆற்றிற் புது’ என்று எழுதியிருப்பார்கள். க், ச், த், ப் மிகுவதும் மிகாமல் விடுவதும் எழுதுகிறவரைப் பொறுத்தும் அச்சிடுகிறவரைப் பொறுத்தும் மாறுகிறது. இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்திருந்தால் பதிப்புக்குப் பதிப்பு எண் மாறியிருக்கும். உயிரும் உயிர்மெய்யும் மட்டும் எண்ணப்படுவதால் இந்த மாற்றங்கள் கணக்கைத் தொடுவதில்லை.

ஏட்டில் புள்ளி கிடையாது என்பதை நினைத்தால் இதன் பயன் இன்னும் விளங்கும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலான ஏடுகளில் மெய்க்குப் புள்ளி வைக்கவில்லை. எகர ஏகார வேறுபாடும் காட்டப்படவில்லை. நம் அடி ஏட்டில் ஏறக்குறைய இப்படி இருக்கும், இடைவெளியும் இல்லாமல்:

ஆறறிலபுதுவெளளமவநதுகரைதொடநினறதுவெ

இதில் 22 எழுத்து இருக்கின்றன. ஆ என்ற நெடிலில் தொடங்குவதால் நேரசைத் தொடக்கம். ஆகவே 16 எழுத்துதான் உயிரோடு நிற்கவேண்டும். மீதி ஆறும் ஒற்று. எந்த ஆறு என்பதைச் சொல்லறிவு சொல்லும்: ற், ல், ள், ம், ந், ன். நான் ஆறைப் பிரித்துவிட்டேன், கணக்கு முடிந்தது என்றால் படித்தது சரியாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஏழு ஒற்றாகப் பட்டாலோ ஐந்துதான் தேறினாலோ ஏதோ ஒரு சொல்லைத் தவறாகப் பிரித்திருக்கிறேன் என்று பொருள். இந்த வசதி உரைநடை ஏட்டைப் படிக்கிறவருக்கு இல்லை. ரகரமும் கால் என்னும் துணையெழுத்தும் ஏட்டில் ஒரே உருவம். ‘பரடு’ என்று படிப்பதா ‘பாடு’ என்று படிப்பதா என்ற ஐயம் வந்தால் முன்னது மூன்றெழுத்து, பின்னது இரண்டு. அடியின் கணக்கு எதை வேண்டுகிறதோ அதுவே பெரும்பாலும் சரியான பாடம். இன்று கணினித் திரையில் எழுத்தை எண்ணச் சொன்னாலும் இதே வேலையைத்தான் செய்யவேண்டியிருக்கிறது: உயிர்க்குறி துணைக்குறிகளை எல்லாம் ஒதுக்கி, தனி உயிரையும் மெய்யுருவங்களையும் எண்ணி, அதிலிருந்து புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழிக்கவேண்டும். 22இல் 6 போனால் 16.

அச்சுக்கு வந்த பிறகு வேறொரு சிக்கல் சேர்ந்துகொண்டது. பாராயணம் செய்கிறவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று சந்தி பிரித்து அச்சிடுகிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் புணர்ச்சியில் மறைந்துபோன குற்றியலுகரம் பிரிக்கும்போது மறுபடி வெளியே வந்துவிடுகிறது. ஒற்று மாறினால் கணக்குக் கெடாது என்று மேலே சொன்னேன். உகரம் வெளியே வந்தால் கெட்டுவிடும். இன்னோர் அடி பார்க்கலாம்.

கோயில் தெருவினில் பாட்டுக் கேட்டு அன்னை நினைந்து அழுதாள்

எண்ணினால் 18. நேரில் தொடங்கும் அடி, இரண்டெழுத்து மிகை. சொற்களோ ஏழாகத் தெரிகின்றன. ஐந்து சீர் எது என்றே தெரியவில்லை. மிகையான எழுத்து இரண்டு என்றால் உகரம் கெட்ட இடங்கள் இரண்டு இருக்கவேண்டும். தேடினால் அகப்படுகின்றன: கேட்டு என்பதற்குப் பின் அகரம், நினைந்து என்பதற்குப் பின்னும் அகரம். சேர்த்து எழுதினால்:

கோயில் தெருவினில் பாட்டுக்கேட் டன்னை நினைந்தழுதாள்

தேமா, கருவிளம், தேமாங்காய், தேமா, கருவிளங்காய். எழுத்து 16. விரலில் வைத்தால் கோ, யி, தெ. ரு, வி, னி. பா, டு, கே. ட, னை, நி. பிறகு னை, த, ழு, தா. எல்லா விரலும் முடியவேண்டிய இடத்தில் முடிகின்றன. ‘கேட்டன்னை’ என்ற தொடர் கேட் என்றும் டன்னை என்றும் பிளந்து இரண்டு சீருக்குள் போயிருக்கிறது. இதை வகையுளி என்பார்கள். பொருள் நோக்கிப் படிக்கிறவருக்கு இது இடைஞ்சல், ஓசை நோக்கிப் படிக்கிறவருக்கு இதுதான் வழி. இரண்டு பேருக்கும் உதவவேண்டும் என்றால் பாடலை அதன் சீரில் ஒருமுறையும் சந்தி பிரித்து ஒருமுறையும் அச்சிடலாம். பிரித்த வடிவத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு, பாடலில் ஓசை இல்லை என்று வாசகரை நினைக்கவைப்பது அந்தப் புலவர்களுக்குச் செய்யும் தீங்கு என்றே எனக்குப் படுகிறது.

குற்றியலிகரம் இன்னும் கொஞ்சம் வழுக்கலான இடம். ‘கேட்டு’ என்பதோடு ‘யான்’ சேர்ந்தால் உகரம் இகரமாகிக் ‘கேட்டியான்’ என்று வரும். இந்த இகரத்தை எண்ணுவதா வேண்டாமா? எண்ணினால் கேட்/டியான், கூவிளம், மூன்றெழுத்து. எண்ணாமல் ஒற்றைப் போல் தள்ளினால் தேமா, இரண்டெழுத்து. சீரும் தளையும் கெடும் இடத்தில் இந்தச் சின்ன இகரத்தை ஒற்றாகக் கொள்ளலாம் என்று காரிகை இடம் தருகிறது. அடுத்த சீரைப் பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும். பின்னால் வருவது நேரானால் கூவிளமாகக் கொள்ளவேண்டும், இகரம் எண்ணப்படும். வருவது ‘அழுதேன்’ போல நிரையானால் தேமாவாகக் கொள்ளவேண்டும், இகரம் விழுந்துவிடும். இரண்டிலும் அந்த விரலுக்கு மூன்று எழுத்தே வருகிறது என்பதையும் பாருங்கள்: கே, டி, யா, அல்லது கே, யா, அ. முதலில் தளையைப் பார்த்து முடிவு செய்கிறவருக்கு எண்ணிக்கை பின்னாலேயே ஒத்துவரும். எண்ணிக்கையை வைத்து இகரத்தை வேண்டும்போது சேர்த்தும் வேண்டாதபோது தள்ளியும் சரிக்கட்டுகிறவர் எந்த அடியையும் 16 ஆக்கிவிடலாம். அப்புறம் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

எழுத்து உதிர்ந்த ஏட்டை வைத்துக்கொண்டிருப்பவரின் நிலைக்கு வருகிறேன். ஓலையின் ஓரம் பூச்சி அரித்து, ‘ஆற்றில் ... வெள்ளம் வந்து கரைதொட நின்றதுவே’ என்று மட்டும் அடி கிடைக்கிறது என்று கொள்வோம். இருக்கும் எழுத்தை எண்ணினால் 14. தொலைந்தது இரண்டு எழுத்து. தேமாவுக்குப் பின் நிரை வேண்டும் என்பதால் அந்த இரண்டும் சேர்ந்து ஒரு நிரையசை. இவ்வளவு தூரம் கணக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு வருகிறது. ‘செவ்’ என்று ஊகித்தவரை அது தடுத்துவிடும். ஆனால் புதுவெள்ளமா, பெருவெள்ளமா, மழைவெள்ளமா? மூன்றும் நிரையில் தொடங்குகின்றன, மூன்றும் இரண்டெழுத்தை நிரப்புகின்றன, மூன்றுக்கும் விரல் ஒரே இடத்தில் முடிகிறது. மோனை பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், மோனைக்காகப் புலவர் மெனக்கெட்டாரா என்பது வேறு கேள்வி. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன் பல பிரதிகளைத் தேடிச் சேர்த்து ஒப்புநோக்கியது இப்படிப்பட்ட இடங்களுக்காகவும்தான். சில பதிப்புகளில் இத்தகைய இடம் ஓசைக்குப் பொருந்திய ஏதோ ஒரு சொல்லால் நிரப்பப்பட்டு, நிரப்பியதற்கான அடையாளமே இல்லாமல் அடுத்த பதிப்புக்குப் போய்விடுகிறது. இரண்டெழுத்து நிரையசை இங்கே இல்லை என்று அடிக்குறிப்பில் எழுதி, அடியில் அந்த இடத்தைப் புள்ளியிட்டு விட்டுவிட்டு, வேறோர் ஏடு கிடைக்கும்வரை காத்திருக்கிற பதிப்பாசிரியரையே நான் நம்புவேன்.